சைலண்ட் ஹில்லின் மூடுபனியைக் கலைத்தது யார்?

ஏரிக்கு மேலே மலைச்சாலை ஓரமாக ஒரு பாழடைந்த பொதுக் கழிப்பறை. உள்ளே ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவன் அழுக்குக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோன மனைவி மேரியின் பெயரில் அவனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. சைலண்ட் ஹில் என்ற அந்த ஊருக்கு வரச் சொல்கிறது கடிதம். வெளியே வந்து பார்த்தால் ஊர் தெரியவில்லை, பனிதான் தெரிகிறது. கீழே இறங்கும் காட்டுப்பாதையில் நிமிடக்கணக்கில் நடக்க வேண்டும். வழியில் யாரும் பாய்ந்து வருவதில்லை. கால்தடச் சத்தமும், பனிக்குள் எங்கோ ஏதோ அசைகிற சத்தமும் மட்டும்தான். 2001-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்ட 'சைலண்ட் ஹில் 2' இப்படித்தான் தொடங்கும்.

இந்த ஒரே கேம் பிறகு மூன்று விதமாகத் திரும்பி வந்தது. 2002-இல் கம்ப்யூட்டருக்குப் போர்ட் ஆனது. 2012-இல் 'எச்டி கலெக்‌ஷன்' என்ற பெயரில் ரீமாஸ்டர் ஆனது. 2024 அக்டோபரில் முழு ரீமேக் வந்தது. பழைய கேம்களைப் புது அட்டையில் போட்டு விற்பது இப்போது பெரிய வியாபாரம். அட்டையில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதோ கம்பெனியின் விருப்பம், அதற்கென்று சட்டமோ தரச்சான்றோ கிடையாது. ஆகவே பெயரை நம்புவதைவிட, உள்ளே எதைத் தொட்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்ப்பதுதான் வாங்குகிறவருக்குப் பயன்படும். அதைப் பார்க்க சைலண்ட் ஹில் 2-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காரணம் இந்தப் பனிதான்.

நமக்குப் பழக்கமான சினிமாவை வைத்துப் பாதி தூரம் போகலாம். 'கர்ணன்' படத்தின் பழைய பிலிமைச் சுத்தம் செய்து, ஒலியைச் சீராக்கி 2012-இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்களே, அது ரீமாஸ்டர். நடித்தது அதே சிவாஜிதான். மலையாள 'திரிஷ்யம்' கமல்ஹாசனோடு 'பாபநாச'மாக வந்தது ரீமேக். ஆனால் சினிமா எடுத்து முடித்த படம். பத்தாயிரம் முறை ஓட்டினாலும் அதே பிம்பம்தான் திரையில் விழும். கேம் அப்படியல்ல. நீங்கள் பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் அடுத்த காட்சியை அந்த இயந்திரம் புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது. இயந்திரம் மாறினால் கணக்கும் கொஞ்சம் பிசகலாம். சினிமாவுக்கு இல்லாத அந்தத் தலைவலியிலிருந்துதான் போர்ட் என்ற வேலையே பிறக்கிறது.

ஒரு கேமுக்குள் மூன்று சமாச்சாரங்கள் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற படம், உருவம், குரல், இசை எல்லாம் ஒன்று. எதிரி எப்போது அடிப்பான், கதவு எப்போது திறக்கும், குண்டு பட்டால் எவ்வளவு காயம் என்று தீர்மானிக்கிற நிரல் இன்னொன்று. இவை இரண்டையும் எதற்காக இப்படி அமைக்க வேண்டும் என்று யோசித்த வடிவமைப்பு மூன்றாவது. போர்ட் செய்கிறவர் இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய இயந்திரத்தில் ஓட வைக்கிறார். ரீமாஸ்டர் செய்கிறவர் முதலாவதை மட்டும் துலக்குகிறார். ரீமேக் செய்கிறவர் முதல் இரண்டையும் புதிதாகச் செய்கிறார், மூன்றாவதிலும் கை வைக்கிறார். கணக்காகச் சொன்னால் போர்ட்டில் சேதம் குறைவாகவும் ரீமேக்கில் அதிகமாகவும் இருக்க வேண்டும். சைலண்ட் ஹில் 2-இல் நடந்தது வேறு.

முதலில் போர்ட். பிளேஸ்டேஷன் 2-க்கு எழுதிய நிரல் கம்ப்யூட்டருக்குப் புரியாது. கேமை உருவாக்கியவர்கள் எழுதி வைத்திருக்கும் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை எடுத்து, இயந்திரத்தோடு நேரடியாகப் பேசுகிற பகுதிகளை மட்டும் மாற்றி எழுதி, புதிய இயந்திரத்துக்காக மறுபடி தொகுக்க வேண்டும். கன்ட்ரோலர் இருந்த இடத்தில் கீபோர்டும் மவுஸும் வரும். திரையின் அளவு மாறும். வினாடிக்கு எத்தனை பிரேம் வரைகிறது என்பதும் மாறும். இந்தக் கடைசி விஷயம்தான் பல போர்ட்களின் காலை வாரியது. 2014-இல் 'டார்க் சோல்ஸ் 2' கம்ப்யூட்டருக்கு வந்தபோது வாள்கள் சீக்கிரம் உடைகின்றன என்று ஆடுகிறவர்கள் புலம்பினார்கள். கன்சோலில் வினாடிக்கு 30 பிரேம், கம்ப்யூட்டரில் 60. வாள் எதிலாவது உரசிக்கொண்டிருக்கும்போது ஏற்படும் தேய்மானத்தை நிரல் நேரத்தை வைத்துக் கணக்கிடாமல் பிரேமை வைத்துக் கணக்கிட்டது. பிரேம் இரண்டு மடங்கானதும் தேய்மானமும் இரண்டு மடங்கு. படத்திலோ ஒலியிலோ எந்தக் குறையும் இல்லை, விளையாட்டின் விதி மட்டும் யாருக்கும் தெரியாமல் மாறிவிட்டது. போர்ட்டில் வருகிற கோளாறுகள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆடிப் பார்த்தால்தான் உறைக்கும்.

சைலண்ட் ஹில் 2-இன் 2002 கம்ப்யூட்டர் போர்ட்டை பிரிட்டனின் கிரியேச்சர் லேப்ஸ் செய்தது. அன்றைய கம்ப்யூட்டர்களில் ஓரளவு ஒழுங்காக ஓடியது. பத்து வருடம் போனதும் சங்கடம் தொடங்கியது. பல கோர் கொண்ட புதிய புராசஸர்களில் ஒலி கரகரத்தது, கேம் பாதியில் உறைந்து நின்றது. பிளேஸ்டேஷனில் இருந்த பனியும் நிழலும் ஏற்கெனவே முழுசாக வந்து சேர்ந்திருக்கவில்லை. போர்ட்டுக்கு ஆயுள் உண்டு என்பதை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை.

இப்போது 2012-க்கு வருவோம். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்காக சைலண்ட் ஹில் 2-ஐயும் 3-ஐயும் சேர்த்து எச்டி தரத்தில் கொண்டுவரும் பொறுப்பை ஹைஜிங்ஸ் ஸ்டூடியோஸ் என்ற சிறிய நிறுவனத்திடம் கொனாமி கொடுத்தது. வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. பழைய நிரலை ஓட வைத்து, படத்தை அகலத்திரைக்கு விரித்து, மங்கலான டெக்ஸ்சர்களைக் கூராக்கினால் முடிந்தது. டெக்ஸ்சர் என்றால் சுவர், சட்டை, பெயர்ப்பலகை என்று முப்பரிமாண உருவங்களின் மேல் ஒட்டப்படும் படம்.

கொனாமியின் கிடங்கிலிருந்து வந்த மூல நிரலைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது 2001-இல் கடைக்குப் போன இறுதி வடிவம் அல்ல, அதற்கு முந்தைய ஏதோ ஒரு கட்டத்து நிரல். கொனாமியின் தயாரிப்பாளர் டாம் ஹியூலட் பின்னர் இதைப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். புதிய கன்சோலுக்கு மாற்றும்போது வருகிற பிழைகளோடு, மூல அணி வெளியீட்டுக்கு முன் ஏற்கெனவே கண்டுபிடித்துத் திருத்திவிட்டிருந்த பிழைகளையும் இவர்கள் மறுபடி தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. விற்பனைக்கு வந்த டிஸ்க்தான் உலகமெங்கும் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்கலாம். டிஸ்க்கில் இருப்பது இயந்திரத்துக்காகத் தொகுக்கப்பட்ட எண்களின் வரிசை. எழுதியவர் எந்த எண்ணுக்கு என்ன பெயர் வைத்தார், எதற்காக ஒரு வரியைச் சேர்த்தார் என்பதெல்லாம் தொகுக்கும்போதே கழன்றுவிடும். அதைத் திருப்பி வாசிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலத்தில் ஒரு கேம் வெளியாகிவிட்டால் அதன் கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைக்கும் பழக்கம் பல நிறுவனங்களில் இல்லை. மறுபடி அதை விற்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடி முதலில் விழுந்தது பனியில். பிளேஸ்டேஷன் 2-இன் வரைகலைச் சிப்புக்குள் 4 எம்பி நினைவகம்தான் உண்டு, ஆனால் அசுர வேகம். பாதி ஒளி ஊடுருவும் படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதில் அது கெட்டிக்காரச் சிப். சைலண்ட் ஹில்லின் பனி அப்படி அடுக்கி நகர்த்திய படலங்களால் ஆனது. பிளேஸ்டேஷன் 3 மற்ற எல்லாவற்றிலும் பலசாலி. ஆனால் அதன் அமைப்பே வேறு, இந்தத் தந்திரம் அதில் நேராக எடுபடாது, வேறு வழியில் செய்துகொள்ள வேண்டும். எச்டி பதிப்பில் பனி மெலிந்து போனது, சில இடங்களில் காணாமலே போனது.

பனி போனால் என்ன, தெளிவாகத்தானே தெரியும் என்று தோன்றும். தெளிவாகத் தெரிந்ததுதான் வினை. மூல வடிவமைப்பாளர்கள் பனிக்குப் பின்னால் எதையும் கட்டியிருக்கவில்லை. கட்டத் தேவையும் இருக்கவில்லை. கேமின் பிற்பகுதியில் ஜேம்ஸ் டொலூக்கா ஏரியில் இருட்டில் படகு வலித்துப் போவான். எச்டி பதிப்பில் அந்தக் காட்சியில் ஏரித் தண்ணீர் கத்தரித்து வைத்த விரிப்பு போல ஒரு நேர்கோட்டில் முடிவதும், அதற்கப்பால் வெறுமை இருப்பதும் அப்பட்டமாகத் தெரிந்தது. தொடக்கத்தில் ஜேம்ஸ் கடந்து செல்லும் பண்ணையின் மரப்பலகைக்கு வந்த கதி இன்னும் வேடிக்கை. பழைய பலகையில் தேய்ந்த எழுத்துகள் மரத்தோடு மரமாக இருந்தன. கூராக்குகிறேன் பேர்வழி என்று யாரோ அதை கம்ப்யூட்டரோடு வருகிற காமிக் சான்ஸ் எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டிவிட்டார்கள். பிறந்தநாள் அழைப்பிதழ் எழுத்தில் ஒரு பேய் ஊர்ப் பலகை! குரல்களையும் புதிய நடிகர்களை வைத்து மறுபதிவு செய்தார்கள். ரசிகர்கள் கொதித்ததும் இரண்டாம் பாகத்தில் மட்டும் பழைய குரல்களையும் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 3-க்கு ஒரு திருத்தப் பேட்ச் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு வருவதாகச் சொல்லி, பிறகு கைவிட்டார்கள்.

இது ஏதோ ஒரு சிறிய நிறுவனத்தின் அசட்டை என்று தள்ள முடியாது. ஒன்பது வருடம் கழித்து, உலகின் மிகப் பெரிய கேம் வரிசைகளில் ஒன்றுக்கும் இதே விபத்து நேர்ந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' 2021 நவம்பரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' தொகுப்பில் ரீமாஸ்டராக வந்தது. பழைய கேமின் மங்கலான காற்றை எடுத்துவிட்டு எட்டிய தூரம் வரை தெளிவாகக் காட்டினார்கள். சிலியாட் மலையுச்சியில் ஏறி நின்றால் மூன்று நகரங்களும் பாலைவனமும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டன. மணிக்கணக்கில் வண்டி ஓட்டி ஒரு மாநிலத்தையே சுற்றியதாக நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு சின்னத் தீவு என்று அன்றுதான் தெரிந்தது. கடைப் பலகைகளின் மங்கல் எழுத்துகளைத் தானியங்கி மென்பொருளால் கூராக்கியதில் எழுத்துப்பிழைகள் முளைத்தன. ஒரு டோனட் கடையின் உச்சியில் போல்ட்டில் மாட்டுகிற அறுகோண நட் ஒன்று பெரிய சிலையாக நிற்கும். கடையின் பெயரே 'டஃப் நட் டோனட்ஸ்'. உருவங்களின் கூர்முனைகளை மழுக்கியபோது நட் உருண்டு வெறும் வளையமாகிவிட்டது. எத்தனை பக்கம் என்று பார்க்காமல், மூலை தெரிந்தால் பழைய காலத்துக் குறை என்று எடுத்துக்கொண்டார்கள். ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, திருத்தங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டது. பழைய ஒளியமைப்பைத் திரும்பக் கொண்டுவரும் வசதி கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் 2024 நவம்பரில்தான் வந்தது.

ஆக, ரீமாஸ்டரில் பார்க்க வேண்டியது டெக்ஸ்சரின் கூர்மை அல்ல. பழைய இயந்திரத்தின் போதாமையை மறைக்க வடிவமைப்பாளர் செய்த ஏற்பாடு எது, அதுவே கேமின் அழகாக மாறிவிட்ட இடம் எது என்று செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை வாங்குவதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். விளம்பர வீடியோவில் நெருக்கக் காட்சிகளை விட்டுவிட்டு தூரக் காட்சிகளையும் மழை, பனி, இரவுக் காட்சிகளையும் கவனியுங்கள். பெயர்ப்பலகைகளை நிறுத்தி வாசியுங்கள். பழைய தோற்றத்துக்கு மாறும் பொத்தான் இருந்தால் அது நல்ல சகுனம், செய்தவர்கள் ஒப்பீட்டுக்கு அஞ்சவில்லை என்று அர்த்தம். 2021-இல் வந்த 'டயப்ளோ 2: ரிசரக்டட்' கேமில் கீபோர்டில் G எழுத்தை அழுத்தினால் புதிய முப்பரிமாணக் காட்சி சட்டென்று மறைந்து 2000-ஆம் ஆண்டின் பழைய புள்ளிப்படக் காட்சி வந்துவிடும். எதிரிகள் அதே இடத்தில், அதே அசைவின் நடுவில் நிற்பார்கள். அடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது பழைய கேம்தான், மேலே வரைவது மட்டும் புதியது. பார்வைக்கு ரீமேக் போல இருந்தாலும் அதை ரீமாஸ்டர் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கட்சி.

2024-இன் சைலண்ட் ஹில் 2 ரீமேக்கில் அப்படி ஒரு பொத்தான் வைக்கவே முடியாது. அதற்குள் பழைய கேம் இல்லை. போலந்தின் க்ராகூவ் நகரத்து புளூபர் டீம், அன்ரியல் எஞ்சின் 5-இல் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டியது. ஒற்றை டிவிடியில் அடங்கிய கேம் கம்ப்யூட்டரில் சுமார் 50 ஜிபி இடம் கேட்கிறது. மூல அணியிலிருந்து இசையமைப்பாளர் அகிரா யமவோகாவும், அரக்க உருவங்களை வரைந்த மசாஹிரோ இட்டோவும் இதிலும் பங்கெடுத்தார்கள்.

பெரிய மாற்றம் கேமராவில். பழைய கேமில் கேமரா பல இடங்களில் கூரை மூலையிலிருந்தோ தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்தோ ஜேம்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பையிலுள்ள ரேடியோ இரைந்தால் அருகில் ஏதோ வந்துவிட்டது என்று மட்டும் தெரியும். பயம் அந்த இடைவெளியில் இருந்தது. ரீமேக்கில் கேமரா ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, திரும்புகிற பக்கமெல்லாம் பார்க்கலாம். ஆடுவதற்கு இது சுகம். ஆனால் பழைய பயம் இந்தக் கோணத்தில் வேலை செய்யாது. அதனால் எதிரியின் நடத்தையையே மாற்றினார்கள். இரண்டு ஜோடிக் கால்களை ஒட்டவைத்தது போன்ற 'மேனிக்வின்' அரக்கர்கள் ரீமேக்கில் அலமாரிக்குப் பின்னாலும் சுவர் மறைவிலும் அசையாமல் ஒளிந்து காத்திருக்கின்றன. நீங்கள் கடந்து போகும்போது பாய்கின்றன. அவற்றைச் சமாளிக்க ஜேம்ஸுக்கு விலகித் தப்பும் அசைவு ஒன்றைக் கொடுத்தார்கள். அடிப்பது எளிதாகிவிட்டதே என்று எதிரியைக் கடினமாக்கினார்கள். கேமராவில் தொடங்கிய ஒரு மாற்றம் இப்படிச் சண்டை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. கட்டடங்களின் உட்புறங்களும் விரிந்தன, புதிர்கள் மாறின, ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்த கேம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டது. பழைய முடிவுகளோடு இரண்டு புதிய முடிவுகளும் சேர்ந்தன.

இந்த நீளம் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. மருத்துவமனைப் பகுதியிலும் சிறைச்சாலைப் பகுதியிலும் ஒரே வகைச் சண்டை திரும்பத் திரும்ப வந்து துக்கத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. ஆனால் பனியின் விஷயத்தில் புளூபர் அணி தவறவில்லை. இன்றைய இயந்திரத்துக்குப் பனி தேவையே இல்லை, ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் வரைந்துவிடும். தேவையில்லாத பனியை வேண்டுமென்றே திரும்பக் கட்டினார்கள், காட்டுப்பாதையையும் சுருக்காமல் விட்டார்கள். பழைய கேமில் புதிர் இருந்து இப்போது இல்லாமல் போன சில இடங்களில் அந்தப் பழைய பொருளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் அதன் அருகே போனால் ஒரு விசித்திரமான ஒலி கேட்டு மறையும். எதை மாற்றினோம் என்பதை ஆடுகிறவரிடம் ஒளிக்காமல் சொல்கிற ரீமேக் அபூர்வம். மூல நிரலைக் கையில் வைத்திருந்த ரீமாஸ்டர் கோட்டைவிட்ட பனியை, ஒரு வரிகூடப் பழைய நிரல் இல்லாத ரீமேக் பிடித்துவிட்டது.

சரி, 2001-இன் கேமையே இன்று ஆட வேண்டுமானால்? அதிகாரபூர்வமாக வழியில்லை என்றே சொல்லலாம். பழைய கம்ப்யூட்டர் போர்ட் எந்த டிஜிட்டல் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அந்த இடத்தை ரசிகர்கள் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற இலவசத் திட்டத்தால் நிரப்பியிருக்கிறார்கள். அவர்களிடமும் மூல நிரல் கிடையாது. கேம் வரைகலைக்காக விண்டோஸிடம் கேட்கிற `d3d8.dll` என்ற கோப்பின் இடத்தில் தங்கள் கோப்பை வைத்து, கேமுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே போய்வரும் கட்டளைகளை வழிமறித்துத் திருத்துகிறார்கள். அகலத்திரை, ஒலிக் கரகரப்பு, நிழல் எல்லாம் அப்படிச் சரியாகின, பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த பனியும் கிட்டத்தட்ட அதே அடர்த்தியில் திரும்பியிருக்கிறது. ஆனால் கேமை அவர்கள் தருவதில்லை. 2002-இல் வந்த அந்த டிஸ்க்கை நீங்கள்தான் எங்காவது தேடிப் பிடிக்க வேண்டும்.